பயிலரங்கத் தொடக்க விழாவில் வரவேற்புரை: யாரை, எந்த வரிசையில் வரவேற்பது?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் மின்னணுக் கோப்பு மேலாண்மை பற்றிப் பணியாளர்களுக்கு இரண்டு நாள் பயிலரங்கம் நடக்கவிருக்கிறது. தொடக்க விழாவில் வரவேற்புரை ஆற்றும்படி பயிற்சிப் பிரிவில் இருக்கும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நான்கு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாதாம். எங்கள் இயக்குநர் தலைமை வகிக்கிறார். ஓய்வு பெற்ற உயர் அலுவலர் ஒருவர் தொடங்கிவைக்கிறார். வெளியிலிருந்து வரும் ஒரு பேராசிரியரும் எங்கள் கணினிப் பிரிவுத் தலைவரும் பயிற்சி அளிக்கிறார்கள். முன்வரிசையில் துறைத் தலைவர்கள் ஆறு பேர் இருப்பார்கள். கிளைகளிலிருந்து 40 பேர் பயிற்சிக்கு வருகிறார்கள். யாரை முதலில் சொல்வது? யாரையும் விட்டுவிடாமல் எப்படிச் சுருக்கமாக முடிப்பது? சென்ற முறை ஒருவர் பெயர் விடுபட்டுப் பெரிய வருத்தமாகிவிட்டது.

பதில்: வரவேற்புரை நீண்டுபோவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கிறது. பேசுபவர் முதலில் மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக, பதவியோடும் பெயரோடும், ‘அவர்களே’ என்று விளிக்கிறார். அந்த விளிப்பு முடிந்ததும் அதே மனிதர்களை அதே பதவியோடும் பெயரோடும் ‘அவர்களை வருக வருக என வரவேற்கிறேன்’ என்று மீண்டும் சொல்கிறார். பட்டம், பெயர், பதவி, நிறுவனம் ஆகியவற்றைச் சேர்த்து ஒருவரைத் தெளிவாகச் சொல்ல ஏறத்தாழ பத்து வினாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், பத்துப் பேரை இரண்டு முறை சொல்வதற்கே மூன்று நிமிடத்துக்கு மேல் போய்விடும். உங்களுக்குத் தரப்பட்டிருப்பது நான்கு நிமிடம். எனவே விரிவான விளிப்பை முழுவதுமாக விட்டுவிடுங்கள். மற்றப் பேச்சாளர்களுக்கு விளிப்பு தேவைப்படுகிறது, ஏனென்றால் அவர்கள் யாரையும் வரவேற்கப் போவதில்லை. வரவேற்புரை ஆற்றுபவருக்கோ வரவேற்பதே வேலையாக இருப்பதால், ‘அவையோர் அனைவருக்கும் வணக்கம்’ என்ற ஒரு வரி போதும். ஒவ்வொரு பெயரும் உங்கள் உரையில் ஒரே ஒரு முறை, முழுமையாக, அவர் அங்கே இருப்பதற்கான காரணத்தோடு வரட்டும்.

உங்கள் அலுவலகத்தில் விளிப்பு இல்லாமல் தொடங்குவதை மூத்தவர்கள் விரும்பமாட்டார்கள் என்று நீங்கள் எண்ணினால், ‘தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினர் அவர்களே, அவையோரே’ என்று பெயர் சொல்லாமல் பொறுப்பை மட்டும் சொல்லி விளிக்கலாம். அதற்கு ஐந்து வினாடிதான் ஆகும்.

அடுத்து, உரையில் எதெல்லாம் உங்கள் வேலை இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்துக்கொண்டு எழுத உட்காருங்கள். பயிலரங்கின் நோக்கத்தை விளக்க ஒருவர் இருந்தால், நீங்கள் நோக்கத்தை இரண்டு வாக்கியங்களுக்கு மேல் தொடக் கூடாது. சிறப்பு விருந்தினரை அறிமுகம் செய்யத் தனியாக ஒருவர் இருந்தால், அவருடைய வாழ்க்கைக் குறிப்பு அந்த மனிதருக்கு உரியது. நீங்கள் அதில் பாதியைச் சொல்லிவிட்டால் அவர் மேடையில் திகைத்து நிற்பார். அரங்க ஏற்பாடு செய்தவர்களுக்கும் உணவுக்குப் பொறுப்பேற்றவர்களுக்கும் நன்றி சொல்வது நன்றியுரையின் வேலை. இவை மூன்றையும் நீக்கிவிட்டால் உங்களிடம் மிஞ்சுவது நிகழ்வு என்ன என்பதைச் சொல்வதும், விருந்தினரை வரவேற்பதும், பயிற்சிக்கு வந்தவர்களை வரவேற்பதும்தான். மேடையில் நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 80 முதல் 100 சொற்கள் வரை வரும். கைதட்டலுக்கும் இடைநிறுத்தத்துக்கும் இடம் விட்டுப் பார்த்தால், எழுதிய உரை 300 சொற்களைத் தாண்டாமல் இருப்பது உங்களுக்குப் பாதுகாப்பு.

இனி வரிசைக்கு வருகிறேன். அழைப்பிதழ் அச்சாகியிருந்தால் அதில் உள்ள வரிசையே உங்கள் வரிசை. அது யாரோ ஒருவர் மேலதிகாரியிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய வரிசை என்பதால், நீங்கள் அதை மாற்றும்போது அதற்கு ஒரு பொருள் இருப்பதாக அவையில் இருப்பவர்கள் எண்ணிக்கொள்வார்கள். அழைப்பிதழ் இல்லாமல் வெறும் சுற்றறிக்கை மட்டும் இருந்தால், முதலில் அன்றைய விழாவில் ஒருவர் ஏற்றிருக்கும் பொறுப்பைப் பாருங்கள். பிறகு அவர் வெளியிலிருந்து வந்தவரா, உள்ளே இருப்பவரா என்பதைப் பாருங்கள். பதவி உயர்வு தாழ்வை அதற்கும் பிறகுதான் பார்க்க வேண்டும். இந்த அடிப்படையில் உங்கள் விழாவில் தலைமை வகிப்பவர் முதலில் வருகிறார், தொடங்கிவைப்பவர் இரண்டாவதாக வருகிறார், வெளியிலிருந்து வரும் பேராசிரியர் மூன்றாவதாகவும் உங்கள் கணினிப் பிரிவுத் தலைவர் நான்காவதாகவும் வருகிறார்கள். பேராசிரியரை விடக் கணினிப் பிரிவுத் தலைவர் பதவியில் மூத்தவராக இருந்தாலும், இருவரும் அன்று பயிற்றுநர்கள் என்ற ஒரே பொறுப்பில் இருப்பதால் விருந்தினரே முன்னால் வர வேண்டும். ஒரே நிலையில் வெளியிலிருந்து இரண்டு பயிற்றுநர்கள் வந்திருந்தால், யாருடைய அமர்வு முதலில் வருகிறதோ அவரை முதலில் சொல்லுங்கள். அந்த வரிசையைப் பற்றி யாரும் மனத்தாங்கல் கொள்ள முடியாது.

இயக்குநரை முதலில் சொல்வது பற்றி ஒரு தயக்கம் உங்களுக்கு வரக்கூடும். நீங்கள் வரவேற்பதே அவருடைய நிறுவனத்தின் சார்பில்தான். வீட்டுக்காரரை அவருடைய வீட்டுக்கே வரவேற்பதா என்று தோன்றும். அவர் முதலில் வருவது விருந்தினர் என்பதால் அல்ல, அவைத் தலைவர் என்பதால்தான். ஆகவே அவருக்கான வாக்கியம் முதலில் வரட்டும், ஆனால் குறுகியதாக இருக்கட்டும். உரையிலேயே நீளமான, மனம் நிறைந்த வாக்கியங்கள் தொடங்கிவைக்க வருபவருக்கு உரியவை. சொந்த மேலதிகாரியை ஐந்து வாக்கியங்களில் பாராட்டிவிட்டு, அழைத்து வந்த விருந்தினரை ஒரு வாக்கியத்தில் முடித்துவிடும் உரைகளைப் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். அது விருந்தினருக்கு மட்டுமல்ல, அந்த மேலதிகாரிக்கும் சங்கடத்தைத் தருகிறது.

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமானது என்று நான் கருதுவது பெயர் விடுபட்ட செய்தி. பெயர் விடுபடுவதற்கு மறதியைக் காரணமாகச் சொல்வார்கள். ஆனால் பெரும்பாலும் அது உரையை எழுதும்போதே நேர்ந்துவிடுகிறது. ஆறு துறைத் தலைவர்கள் இருக்கும்போது எழுதுபவருக்கு நெருக்கமான, அல்லது அவர் அஞ்சுகிற, இரண்டு பேரின் பெயரை எழுதிவிட்டு ‘உள்ளிட்ட துறைத் தலைவர்கள்’ என்று முடித்துவிடுகிறார். எழுதியவருக்கு ஆறு பேரையும் சொல்லிவிட்ட நிறைவு. கேட்பவர்களில் நான்கு பேருக்கோ தங்கள் பெயரை விட்டுவிட்டார்கள் என்ற வருத்தம். ஆகவே ஒரு குழுவைப் பெயர் சொல்லி வரவேற்பதென்றால் அந்தக் குழுவில் உள்ள ஒவ்வொருவரையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஒருவர் பெயரையும் சொல்லாமல் குழுவாக வரவேற்க வேண்டும். இடைப்பட்ட வழி கிடையாது. ‘உள்ளிட்ட’, ‘முதலான’, ‘மற்றும் பலர்’ ஆகியவை உங்கள் உரையில் எங்காவது வந்திருந்தால் அங்கே நின்று, யார் விடுபடுகிறார்கள் என்று பாருங்கள்.

உங்கள் விழாவில் கோடு எங்கே விழ வேண்டும் என்பது தெளிவாகவே இருக்கிறது. மேடையில் அமர்பவர்கள் நால்வரைப் பெயர் சொல்லி வரவேற்கலாம். முன்வரிசையில் இருப்பவர்களைத் துறைத் தலைவர்கள் என்று ஒன்றாக வரவேற்கலாம். அந்த ஆறு பேரில் ஒருவரை மட்டும் கட்டாயம் பெயர் சொல்லியாக வேண்டும் என்று யாராவது உங்களிடம் வற்புறுத்தினால், அவருக்கு மேடையில் இடம் தர ஏற்பாட்டாளர்களைக் கேளுங்கள். அதுதான் முறையான தீர்வு. கிளைகளுக்கும் இதே கதைதான். கிளைகள் நான்கைந்தாக இருந்தால் எல்லாவற்றின் பெயரையும் சொல்லலாம். அதற்கு மேல் இருந்தால் ‘எல்லாக் கிளைகளிலிருந்தும்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெயர்களைச் சரிபார்ப்பதற்கு விழாவுக்கு இரண்டு நாள் முன்பாவது நேரம் ஒதுக்குங்கள். விருந்தினரிடமோ அவருடைய உதவியாளரிடமோ தொலைபேசியில் பேசி, அவர் தம் பெயரை எப்படி எழுதுகிறார், எப்படிச் சொல்கிறார், முதலெழுத்தைச் சேர்த்துச் சொல்வதை விரும்புகிறாரா, இப்போதைய பதவி என்ன என்று கேட்டு, அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொள்ளுங்கள். பழைய அழைப்பிதழிலிருந்து பதவியை எடுத்து எழுதினால், பதவி உயர்வு பெற்றவரைப் பழைய பதவியில் வரவேற்க நேரிடும். ஓய்வு பெற்றவருக்கு ‘மேனாள்’ என்பதைச் சேர்க்க வேண்டும், ஆனால் அவர் இப்போது வேறொரு பொறுப்பில் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். ‘முனைவர்’ என்று சொன்ன பிறகு ‘திரு.’ வேண்டாம். பெண் விருந்தினருக்குத் திருமதி, செல்வி என்று நீங்களாக ஊகித்துப் போடாமல், அவருக்குரிய பட்டம் இருந்தால் அதையும், இல்லையென்றால் அவரிடமே கேட்டு அவர் விரும்பும் முறையையும் பயன்படுத்துங்கள். ‘அவர்கள்’ என்ற மரியாதை ஒருவருக்குத் தந்தால் மேடையில் இருக்கும் எல்லாருக்கும் தர வேண்டும். உங்களுடன் தினமும் தேநீர் அருந்தும் கணினிப் பிரிவுத் தலைவரும் அன்று ‘அவர்கள்’தான்.

இவற்றையெல்லாம் வைத்து உங்கள் விழாவுக்கு ஒரு மாதிரி உரையை எழுதியிருக்கிறேன். விருந்தினரைப் பற்றிய செய்திகளை நான் ஊகித்தே எழுதியிருப்பதால், அந்த இடங்களில் நீங்கள் உண்மையான செய்தியை இட்டுக்கொள்ள வேண்டும்.

“அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கிளை அலுவலகப் பணியாளர்களுக்கான மின்னணுக் கோப்பு மேலாண்மைப் பயிலரங்கம் இன்றும் நாளையும் இந்த அரங்கில் நடைபெறவிருக்கிறது. காகிதத்தில் நகர்ந்த நம் கோப்புகள் இனிக் கணினித் திரையில் நகரப் போகின்றன. அந்த மாற்றம் நம் மேசைக்கு வந்து சேர்வதற்கு முன்பே அதற்கான பயிற்சியைப் பெறுவதற்காக இங்கே கூடியிருக்கிறோம்.

இவ்விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் இயக்குநர் திரு. (பெயர்) அவர்களை வரவேற்கிறேன். பணியாளர்கள் தம் அன்றாட வேலையிலிருந்து முழுமையாக விடுபட்டுப் பயிற்சி பெற வேண்டும் என்று கருதி, இந்த இரண்டு நாள்களையும் ஒதுக்கித் தந்தவர் அவர்.

பயிலரங்கைத் தொடங்கிவைக்க வருகை தந்திருக்கும் முனைவர் (பெயர்) அவர்கள், (துறையின் பெயர்) மேனாள் இயக்குநர். தம் பதவிக் காலத்தில் அத்துறையின் பழைய ஆவணங்களை மின்னணு வடிவத்துக்கு மாற்றும் பணியை முன்னின்று நடத்தியவர். நாம் இப்போது எடுத்து வைக்கும் முதல் அடியின் இடர்ப்பாடுகளை நேரில் அறிந்த ஒருவர், எங்கள் அழைப்பை ஏற்று வந்து இந்தப் பயிலரங்கைத் தொடங்கிவைப்பது எங்களுக்குப் பெரும் மகிழ்ச்சி அளிக்கிறது. அவர்களை நிறுவனத்தின் சார்பில் வருக வருக என வரவேற்கிறேன்.

இன்றைய அமர்வுகளை நடத்தவிருக்கும் பேராசிரியர் முனைவர் (பெயர்) அவர்கள், (பல்கலைக்கழகத்தின் பெயர்) நூலக அறிவியல் துறையில் பணியாற்றுகிறார். ஆவணங்களை வகைப்படுத்துவதிலும் தேடி எடுப்பதிலும் வல்லவரான அவர்களை அன்போடு வரவேற்கிறேன்.

நாளைய செய்முறைப் பயிற்சியை அளிக்கவிருப்பவர், நம் அலுவலகத்துக்கென இந்த மென்பொருளை அமைத்துத் தந்திருக்கும் கணினிப் பிரிவுத் தலைவர் திரு. (பெயர்) அவர்கள். அவர்களையும் வரவேற்கிறேன்.

முன்வரிசையில் அமர்ந்து இவ்விழாவைச் சிறப்பிக்கும் துறைத் தலைவர்கள் அனைவரையும் மரியாதையோடு வரவேற்கிறேன்.

நிறைவாக, எல்லாக் கிளைகளிலிருந்தும் வந்திருக்கும் 40 பணியாளர்களை வரவேற்கிறேன். கோப்பு உங்கள் மேசையில் எங்கே தேங்குகிறது, எங்கே தவறுகிறது என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இந்த அரங்கில் இல்லை. அந்த அனுபவத்தைக் கேள்விகளாகப் பயிற்றுநர்கள் முன் வையுங்கள். இந்த இரண்டு நாள்களும் உங்களுக்கானவை. அனைவரையும் மீண்டும் வரவேற்று அமர்கிறேன். வணக்கம்.”

இந்த உரையில் விருந்தினர் ஒவ்வொருவருக்கும் சொல்லப்பட்ட செய்தி, அவர்களுடைய வாழ்க்கைக் குறிப்பிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டது என்பதைக் கவனியுங்கள். தொடங்கிவைப்பவர் எத்தனை விருதுகள் பெற்றிருந்தாலும், எத்தனை நாடுகளுக்குச் சென்று வந்திருந்தாலும், மின்னணுக் கோப்பு பற்றிய பயிலரங்குக்கு அவரை அழைத்ததற்கான காரணம் எதுவோ அதுதான் இங்கே பேசப்பட வேண்டும். அது தெரிந்தால் கேட்பவர்கள் அவருடைய உரையை எந்த எதிர்பார்ப்போடு கேட்பது என்று தெரிந்துகொள்வார்கள். ‘பன்முக ஆற்றல் கொண்டவர்’, ‘அறிமுகம் தேவையில்லாதவர்’ போன்ற வரிகள் யாருக்கும் பொருந்துவதால் யாரையும் சுட்டுவதில்லை. விருந்தினரைப் பற்றி இப்படிப்பட்ட ஒரு வரிதான் உங்களுக்குக் கிடைக்கிறதென்றால், அவரை ஏன் அழைத்தார்கள் என்று ஏற்பாடு செய்தவரிடம் கேளுங்கள்; அந்தப் பதிலே உங்கள் வாக்கியம்.

பயிற்சி பெற வந்தவர்களை இறுதியில் வைத்திருப்பதையும் அவர்களுக்கு மூன்று நான்கு வாக்கியங்கள் தந்திருப்பதையும் நான் வேண்டுமென்றே செய்திருக்கிறேன். பயிலரங்கம் நடப்பது அவர்களுக்காக. விருந்தினர் பட்டியலின் வாலில் ‘மற்றும் பயிற்சிக்கு வந்துள்ளவர்களையும்’ என்று ஒட்டவைத்தால், இரண்டு நாள் உட்காரப் போகிறவர்களுக்குத் தாங்கள் அவையை நிரப்ப அழைக்கப்பட்டவர்கள் என்ற எண்ணம் வந்துவிடும்.

விழா நாளில் பட்டியல் மாறுவது இயல்பு. அதனால் உரையை ஒரே தாளில் தொடர்ச்சியாக அச்சடிக்காமல், ஒரு விருந்தினருக்கு ஓர் அட்டை என்று கையடக்க அட்டைகளில் எழுதி, வலது மூலையில் வரிசை எண்ணை இட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் வரவில்லை என்றால் அந்த அட்டையை எடுத்துவிடலாம். புதிதாக ஒருவர் மேடைக்கு அழைக்கப்பட்டால் வெற்று அட்டையில் அவர் பெயரையும் பதவியையும் எழுதி உரிய இடத்தில் செருகலாம். வெற்று அட்டைகள் இரண்டு கைவசம் இருக்கட்டும். மேடை ஏறுவதற்குச் சற்று முன்பு நிகழ்ச்சித் தொகுப்பாளரிடம் போய், மேடையில் உண்மையில் யார் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை உங்கள் அட்டைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் கையிலும் அதே வரிசை இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். நீங்கள் ஒரு பதவியும் அவர் ஒரு பதவியும் சொன்னால் இருவர் மீதும் அவைக்கு நம்பிக்கை போய்விடும்.

விருந்தினர் வழியில் இருக்கிறார், விழா தொடங்கிவிட்டது என்றால், அவர் வந்துவிட்டதுபோல் வரவேற்காதீர்கள். அவருடைய அட்டையைத் தொகுப்பாளரிடம் கொடுத்துவிட்டால், அவர் வந்து அமர்ந்ததும் இரண்டு பேச்சுகளுக்கு இடையில் தொகுப்பாளர் அதைப் படித்து வரவேற்றுவிடுவார். தாமதமாகிறவர் தொடங்கிவைப்பவராகவே இருந்தால் மட்டும், ‘சிறிது நேரத்தில் நம்மிடையே வரவிருக்கும்’ என்று சொல்லி வரவேற்கலாம். வரவே முடியாமல் போனவரை வரவேற்புரையில் குறிப்பிட வேண்டியதில்லை. அவர் வாழ்த்துச் செய்தி அனுப்பியிருந்தால் அதைத் தொகுப்பாளர் படிப்பார்.

பூங்கொத்து தருவது உங்கள் உரையின் நடுவில் வைக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் மேடையேறி, பூங்கொத்துக் கொடுத்து, புகைப்படத்துக்கு நின்று இறங்கினால் உங்கள் நான்கு நிமிடம் பத்தாகிவிடும். பழியும் உங்கள் மேல்தான் விழும். உரை முடிந்த பிறகு தொகுப்பாளர் பெயர்களை அழைக்க, நால்வருக்கும் தொடர்ச்சியாகத் தந்துவிட ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பெயர் விடுபட்டது பேசிக்கொண்டிருக்கும்போதே நினைவுக்கு வந்தால், பயிற்சி பெற வந்தவர்களை வரவேற்பதற்கு முன்பாக ‘நம்மோடு மேடையில் அமர்ந்திருக்கும்’ என்று தொடங்கி, மற்றவர்களுக்குத் தந்த அதே அளவு மரியாதையோடு அவரை வரவேற்றுவிடுங்கள். மறந்துவிட்டேன், மன்னியுங்கள் என்று மேடையில் சொல்ல வேண்டாம். மன்னிப்புக் கேட்டால்தான் விடுபட்டது அனைவருக்கும் தெரியவரும். இருக்கைக்குத் திரும்பிய பிறகு நினைவுக்கு வந்தால், உடனே ஒரு சீட்டில் எழுதித் தொகுப்பாளரிடம் கொடுங்கள். அடுத்த பேச்சாளரை அழைக்கும்போது அவரால் அந்த வரவேற்பைச் சேர்த்துவிட முடியும். விழா முடிந்ததும் நீங்களே நேரில் சென்று அவரிடம் பேசுங்கள். நன்றியுரை ஆற்றுபவருக்கும் உங்கள் அட்டைகளின் படி ஒன்றை முன்கூட்டியே தந்துவைத்தால், வரவேற்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் நன்றியும் சொல்லப்படுவது உறுதியாகும்.